எலும்புக்கு எடுத்த கத்தி

கத்தியைக் கையில் எடுத்தால் எல்லோருடைய கண்ணும் கூர்ப்பக்கம்தான் போகும். என் கண் முதுகுக்குப் போகும். கூர்ப்பக்கம் கீழே இருக்கும்படி பிடித்துக்கொண்டு, மேலே இருந்து அந்தக் கோட்டைப் பார்ப்பேன். எவ்வளவு கனம், பிடியிலிருந்து முனைவரை அந்தக் கனம் எப்படிக் குறைகிறது, எந்த இடத்தில் மெலிகிறது. மனிதர்களையும் இப்படி மேலே இருந்து பார்க்க முடிந்தால் நன்றாக இருக்கும் என்று ஒரு காலத்தில் நினைத்ததுண்டு. இப்போது நினைப்பதில்லை.

ஒரகடம் பக்கம் ஒரு தகரக் கொட்டகைக்குள் எங்கள் சமையற்கூடம். சுற்றியிருக்கும் தொழிற்சாலைகளுக்கு அங்கிருந்துதான் சாப்பாடு போகும். விடிவதற்கு முன் அண்டாக்கள் ஏறும், வெயில் ஏறுவதற்குள் வேன்கள் கிளம்பிவிடும். எத்தனையோ சமையலறைகளில் நின்றுவிட்டு, எங்கேயும் கால் தரிக்காமல், நாற்பது கடந்த பிறகு இங்கே வந்து கட்டிங் செக்ஷனுக்குப் பொறுப்பாக நின்றேன். வீடு மணிமங்கலத்தில். ஷேர் ஆட்டோவில் வருவேன். கோயில் குளத்தைத் தாண்டும்போது தண்ணீரைப் பார்ப்பேன், அதற்குப் பிறகு நாள் முழுக்க ஸ்டீல்தான்.

சுவரில் காந்தப் பட்டை. அதில் கத்திகள் ஒட்டிக்கொண்டு நிற்கும். இஞ்சியும் பூண்டும் உரிக்கும் பேரிங் கத்தி ஒரு ஓரத்தில்: விரல் நீளம்தான் இருக்கும், மெல்லிய முதுகு, உள்ளங்கைக்குள் ஒளிந்துகொள்ளும் சிறுசு. அதற்குப் பக்கத்தில் போனிங் கத்தி: ஒடுங்கிய அலகு, லேசாக வளைந்த வயிறு, நுனிக்குப் போகப்போக ஊசியாகும் உடம்பு. எலும்பை அது வெட்டாது. எலும்பை ஒட்டி ஊர்ந்து போய் சதையைப் பிரிக்கும், மூட்டுக்குள் நுழைந்து நரம்பை அறுக்கும். கடைசியில் கிளீவர்: செவ்வகமாக, பலகை மாதிரி. அது மட்டும்தான் ஓங்கிப் போடுவதற்கு. பழைய கிளீவரின் முதுகு என் சுண்டுவிரலில் பாதி அகலம் இருந்தது. தூக்கினாலே தோள் சொல்லிவிடும், கையில் இருப்பது என்னவென்று.

அந்தப் பழைய கிளீவரின் பிடி பிளந்துபோனது. ஆணி தளர்ந்து, ஓங்கும்போது ஆட ஆரம்பித்தது. ஆடுகிற கிளீவரைவிட ஆபத்தான பொருள் சமையலறையில் இல்லை. எடுத்து ஸ்டோரில் போட்டோம். புதியது கேட்டோம். பர்ச்சேஸில் படம் பார்த்து வாங்கினார்கள். மூன்று வந்தன. செவ்வக அலகு, ஓரத்தில் மாட்டும் ஓட்டை, இறைச்சிக்கான சிவப்புப் பிடி. பக்கவாட்டில் பார்த்தால் பழையதற்குத் தம்பி. மேலே இருந்து பார்த்தால் வேறு சாதிப் பிராணி. முதுகு ஒரு ரூபாய் நாணயத்தின் கனத்தைவிடக் கொஞ்சம்தான் கூட. முட்டைக்கோசும் கீரையும் மெலிசாக அரிய, பூண்டை நசுக்க, நறுக்கியதை அள்ளிப் போட, அதற்காகச் செய்த கத்தி. காய் கிளீவர்.

மேனேஜரிடம் சொன்னேன். கேட்டரிங் படித்தவர், பெரிய ஓட்டலில் நின்றவர். அவருக்கும் தெரியும். முதுகைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, “வேற எழுதிருக்கேன்மா. வர்ற வரைக்கும் சிக்கனுக்கு வச்சுக்கோ. மட்டனுக்குத் தராதே,” என்றார். நான் மட்டன் வெட்டும் கட்டையில் நிற்பவனிடம் சொன்னேன். அவன் சரியென்றான். பென்னலூர்க்காரன், என்னைவிடச் சில வயது இளையவன், வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதே கட்டையில் அதே இடத்தில் நின்றவன். மட்டன் மாதம் ஒருமுறைதான் வரும். அந்த ஒருமுறைக்குள் வேறு கத்தி வந்துவிடும் என்று எல்லோரும் நினைத்தோம். வரவில்லை. அன்றைக்கு நான் சுமை ஏற்றும் பக்கம் போயிருந்தேன். கட்டையில் ஆட்டுத் தொடைகள் மலைபோலக் கிடந்தன. அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. சிவப்புப் பிடி, செவ்வக அலகு. அவன் கை எடுத்தது.

பிரியாணி போய்ச் சேர்ந்தது. மதிய ஷிஃப்டில் ஒரு பையன் கறியோடு ஒரு இரும்புத் துண்டையும் கடித்தான். பல் ஒன்று உடைந்தது, ஈறு கிழிந்தது. சட்டையெல்லாம் ரத்தம். அவன் துப்பியதை டிஷ்யூவில் சுற்றி அவனுடைய சூபர்வைசர் எடுத்துவைத்தார். மறுநாள் காலையில் அது ஒரு பிளாஸ்டிக் கவரில் எங்கள் மேனேஜர் மேசைக்கு வந்தது.

ஷிஃப்ட் முடிந்ததும் கத்திகளை எண்ணித்தான் வைப்போம். எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது. அதுதான் எங்கள் கூடத்தின் பழக்கம்: எண்ணுவது. எடுத்து விளிம்பைப் பார்ப்பது இல்லை. முழுசாக இருக்கும் கத்தியும் மூளியான கத்தியும் எண்ணும்போது ஒன்றுதான்.

மேனேஜர் காந்தப் பட்டைக்கு முன்னால் வந்து நின்றார். கண்ணில் முதலில் பட்டது கோழி மேசைக்காரி ஒருத்தியின் போனிங் கத்தி. நுனி இல்லாத கத்தி.

அவள் விருதுநகர்ப் பக்கம். புருஷன் இல்லை. மகள் ஊரில் பாட்டியிடம் தங்கிப் படிக்கிறது. இங்கே வல்லக்கோட்டை ரோட்டில் நாலு பெண்களோடு ஒரு அறை. கோழியை எலும்பு தனியாகச் சதை தனியாக உரித்துப் போடுவது அவள் வேலை. மட்டன் அன்று தொடையை மூட்டுமூட்டாகப் பிரித்து, கட்டைக்குத் தள்ளிவிடுவதும் அவள்தான். அவள் கை பட்ட கறி அது. அவள் கத்தியில் நுனி இல்லை. மேனேஜர் அங்கேயே நின்றுகொண்டு போனில் பேசிவிட்டார். “யெஸ் சார், ஐடென்டிஃபை பண்ணியாச்சு. போனிங் நைஃப் டிப். ஆளை வேலையிலேர்ந்து எடுத்துடறோம் சார். மதியம் வாங்க, காட்டறோம்.”

அவள் கையுறையைக்கூடக் கழற்றாமல் என்னிடம் வந்தாள்.

“யக்கா, நா என்னத்தக்கா செஞ்சேன்? என் கத்தி எப்பவுமே இப்பிடித்தான இருக்கு? ஒங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

“பின்ன சொல்லுங்கக்கா. நா சொன்னா அழுகுறேம்பாக. நீங்க சொன்னா கேப்பாக.”

எனக்குத் தெரியும்தான். கோழி மேசையில் பெண்கள் தோளோடு தோள் இடித்து நிற்பார்கள். ஒருத்தி கத்தியை இழுத்தால் அடுத்தவள் முழங்கையில் ஏறும். அதனால் அந்த மேசைக்காரிகள் போனிங் கத்தி கைக்கு வந்ததும், சாணை பிடிக்க வண்டியில் வருபவரிடம் கொடுத்து நுனியைத் தேய்த்து மழுங்கவைத்துவிடுவார்கள். எந்தச் சமையல் புத்தகத்திலும் இது இருக்காது. நுனி இல்லாத போனிங் கத்தி பாதி கத்திதான்; மூட்டுக்குள் நுழையச் சிரமப்படும். ஆனால் பக்கத்தில் நிற்பவளின் கையைக் குத்தாது. அவள் ஒருமுறை தன் உள்ளங்கையிலேயே குத்திக்கொண்ட பிறகு தேய்த்துக்கொண்டாள். மற்றவர்களின் கத்திகளை நாளடைவில் புதிதாக மாற்றிவிட்டார்கள். பழையது இவளிடம் மட்டும்தான் மிச்சம்.

நான் மேனேஜர் அறைக்குப் போனேன். அவரும் அவளும் நானும். கவர் மேசைமேல் கிடந்தது.

“சார், துண்ட வெளிய எடுத்துப் பாத்தீங்களா?”

“பாத்தாச்சும்மா. மெட்டல். போதாதா?”

“நுனியா அது? முதுகு எங்க?”

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, களைப்பு. கவரை என் பக்கம் தள்ளினார்.

வெள்ளைத் தட்டில் போட்டேன். நகம் வெட்டினால் விழுகிற துண்டு மாதிரி, பிறையாக இருந்தது. ஒரு பக்கம் நேர்க்கோடு, இன்னொரு பக்கம் வளைவு. நேர்க்கோட்டுப் பக்கம் தீட்டிய பளபளப்பு இன்னும் இருந்தது. அதுதான் கத்தியின் கூர். வளைந்த பக்கம் சாம்பல் நிறத்தில், உப்புத் தூளை ஒட்டினது போலச் சொரசொரப்பாக. அங்கேதான் முறிந்திருக்கிறது.

“போனிங் கத்தி நுனி ஒடஞ்சா முக்கோணமா விழும் சார். ஒரு பக்கம் கூர், ஒரு பக்கம் முதுகு, மூணாவது பக்கம் முறிவு. நுனின்னாலே கூரும் முதுகும் சேர்ற எடம்தான? இதுல ரெண்டே பக்கம். கூரு, முறிவு. முதுகே இல்ல. இது அலகோட நடுவுலேர்ந்து பேந்தது.”

அவர் துண்டை விரல்நுனியில் ஒட்டியெடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார். ஓட்டல் காலத்துக் கண் அவருக்குத் திரும்பிவிட்டது என்று தோன்றியது. அவளுடைய கத்தியை வாங்கினார். நுனியைத் தடவினார். வழவழவென்று உருண்டிருந்தது. சாணைக்கல்லின் மெல்லிய கோடுகள் தெரிந்தன. சொரசொரப்பு எங்கேயும் இல்லை. பிறகு கூர்ப்பக்கத்தைக் கட்டைவிரல் நகத்தின்மேல் வைத்துப் பிடியிலிருந்து மெதுவாக இழுத்தார். பல் ஏதும் இருந்தால் நகத்தில் தட்டும். தட்டவில்லை.

“இது தேய்ச்சது,” என்றார்.

“ஆமா சார். எங்க மேசைல இடிச்சிக்கிட்டு நிக்கணும்ல,” என்றாள் அவள்.

“ஏம்மா, தேய்க்கச் சொல்லி யார் சொன்னா?”

“என் கைதான் சார் சொல்லுச்சு.” இடது கையுறையை உருவி உள்ளங்கைத் தழும்பைக் காட்டினாள். அவர் பார்வையை எடுத்துக்கொண்டார்.

துண்டை மறுபடி ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். வெளியே வேன் பின்னால் வரும் சத்தம். அவர் சொன்னார்: “இவ்ளோ மெலிசா இருக்கு. பழைய கிளீவர்ல பேந்திருந்தா கனமா, ஆப்பு மாதிரி வந்திருக்கும். பேரிங்கா?”

“பேரிங் பூண்டு மேசையத் தாண்டி வராது சார்.” சொல்லும்போதே எனக்கு அடுத்து எங்கே போகப்போகிறோம் என்று தெரிந்துவிட்டது. இவளை இந்தப் பக்கம் இழுத்தால் மட்டன் கட்டைக்காரன் அந்தப் பக்கம் விழுவான். நான் நின்றேன். அவளைப் பார்த்தேன். கூடத்துக்கு நடந்தேன், அவரும் பின்னால் வந்தார்.

காந்தப் பட்டையில் மூன்று புதிய கிளீவர்கள். இரண்டின் கூர் வெளிச்சத்தைப் பார்த்து இருந்தது. மூன்றாவது மட்டும் கூர் இருட்டு மூலையைப் பார்க்க, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. அதை எடுத்தேன். நடு அலகில் ஒரு கடி. துண்டை அந்தக் கடியில் வைத்தார் மேனேஜர். முழுசாக உட்கார்ந்தது. மிச்சம் ஏதும் இல்லை. அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. இன்னொரு பையன் வாயில் இன்னொரு துண்டு இல்லை என்ற நிம்மதி.

பென்னலூர்க்காரன் கட்டைக்குப் பின்னால் இருந்து பார்த்துக்கொண்டிருந்தான். யாரும் கூப்பிடவில்லை. அவனாகவே வந்தான்.

“நான்தான் சார்.”

“கத்தியக் கழுவும்போது பாத்தியா?”

“பாத்தேன்.”

“அப்பவே ஏன்டா சொல்லல? அண்டா அடுப்புலதான இருந்துது? நிறுத்திருப்பேனே!”

“சொன்னா இன்னா சார் பண்ணுவீங்கோ, மாலை போடுவீங்களா? வெளிய போடான்னு தான சொல்லுவீங்கோ. கறி தொட்டி அடியில கீதுன்னு நெனச்சேன். தேடினேன். கெடைக்கல. அதுக்குள்ள கறிய அள்ளிக்கினு போய்ட்டாங்கோ.”

“மட்டனுக்கு எடுக்காதன்னு சொன்னேன்ல?” என்று நான் கேட்டேன்.

“சொன்ன. வேற இன்னா குடுத்த நீ? கையாலயா பிச்சிப் போடுறது?” அவன் என்னைப் பார்க்கவில்லை, கிளீவரைப் பார்த்தான். “கைல தூக்கும்போதே தெரிஞ்சுதுக்கா, வெயிட்டே இல்லன்னு. பழசா இருந்தா தூக்கி வுட்டா போதும், அதுவே எறங்கும். இது எறங்கல. அதான் ஓங்கி ஓங்கிப் போட்டேன். நல்லி எலும்புல டிங்குன்னு ஒரு சத்தம் வந்துது. அப்பவே தெரியும்.”

அவன் சொன்னது உண்மை. கனத்த முதுகு தன் எடையால் வெட்டும், கை வழி மட்டும் காட்டினால் போதும். மெல்லிய முதுகுக்கு எடை கிடையாது, அதனால் கை கோபத்தைக் கொடுக்கும். அந்த மெல்லிய கூர் எலும்பின் கோபத்தைத் தாங்காது. பேந்துவிடும். இதில் யாருடைய குணமும் இல்லை. இரும்பின் கணக்கு.

“அண்ணே,” என்றாள் அவள். “நேத்தே சொல்லிருந்தா எனக்கு இந்த நெலம வந்துருக்காதுல்ல? காலைலருந்து நின்னு பாத்துக்கிட்டுத்தான இருந்தீக?”

அவன் ஏப்ரனை அவிழ்த்து மடித்து, கட்டைமேல் வைத்தான். அதில் மடிப்பு சரியாக வரவில்லை என்று மறுபடி பிரித்து மடித்தான்.

மதியம் தொழிற்சாலையிலிருந்து வந்தவர்களுக்கு மேனேஜர் காட்டியது மூளியான கிளீவரையும் அதில் பொருந்தும் துண்டையும். நுனியில்லாத போனிங் கத்தி பற்றி அவர் முதலில் சொன்னதை வந்தவர்கள் கேட்கவும் இல்லை, அவர் எடுக்கவும் இல்லை. ஆளை எடுத்தாயிற்றா என்றார்கள். எடுத்தாயிற்று என்றார். படம் பார்த்து வாங்கியவர்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பல் உடைந்த பையனுக்கு என்ன ஆயிற்று என்று நான் கேட்டேன். வந்தவர்களில் ஒருவர், “ஹாஸ்டல்ல ரெஸ்ட்ல இருக்கான்மா, கஞ்சி குடிக்கிறான்,” என்றார்.

அவள் வேலை தப்பியது. அன்று சாயங்காலம் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கை கோழிக் கொழுப்பில் வழுவழுத்தது. நல்லது நடந்துவிட்டது என்று நினைக்க எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

அடுத்த மட்டன் நாளுக்குள் கனத்த கிளீவர் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அடுத்த மாசம் என்றார்கள். புது ஆளும் வரவில்லை. மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, “கட்டைல நீ நில்லும்மா,” என்றார். அவள் மெல்லிய கிளீவர் ஒன்றை எடுத்து, என்னை மாதிரியே மேலே இருந்து பார்த்தாள். திருப்பி வைத்தாள்.

“இதால எலும்ப வெட்ட மாட்டேன் சார்.”

“அப்போ எப்டி?”

“மூட்டு மூட்டாப் பிரிச்சுப் போடுறேன். துண்டு பெருசா இருக்கும். இரும்பு இருக்காது.”

அவள் தன் மழுங்கிய கத்தியோடு கட்டைக்கு நின்றாள். தொடையை எடுத்து, கட்டைவிரலால் மூட்டைத் தேடி, அந்தச் சந்தில் கத்தியை இறக்கி, நரம்பை அறுத்து, திருகிப் பிரித்தாள். ஓங்கவே இல்லை. சத்தமே இல்லாத மட்டன் கட்டையை அன்றுதான் பார்த்தேன். நுனி இருந்திருந்தால் பாதி நேரத்தில் முடிந்திருக்கும். வேறு கத்தி எடு என்று நான் சொன்னேன். “இதுதாங்கா எனக்குக் கைக்கு வரும்,” என்றாள். நானும் ஒரு கத்தியோடு பக்கத்தில் நின்றேன். இரண்டு பேர் சேர்ந்தும் முடியவில்லை. அடுப்புக்காரர்கள் கத்தினார்கள். “இன்னாம்மா, ஆட்டுக்குத் தாலாட்டுப் பாடிக்கினு இருக்கீங்களா?” அண்டா தாமதமாக ஏறியது. வேன் தாமதமாகக் கிளம்பியது. ஒரு தொழிற்சாலையில் முதல் பந்தி காலித் தட்டோடு உட்கார்ந்திருந்தது. இரும்புத் துண்டுக்கு வந்ததைவிடக் கூடுதலான போன்கள் தாமதத்துக்கு வந்தன.

அந்த வாரக் கடைசியில், எங்கள் கூடத்துக்கு ஆட்களைத் தரும் கான்ட்ராக்டரின் ஆள் வந்து, இனி வர வேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனார். மேனேஜரிடம் ஓடினேன்.

“சார், எலும்புக்கு ஏத்த கத்தி இல்லன்னுதான் அவ அப்டிச் செஞ்சா.”

“தெரியும்மா.”

“தெரிஞ்சுமா?”

“எனக்குத் தெரிஞ்சு இன்னா பண்றது சொல்லு? அங்கேர்ந்து கேக்கிறவனுக்கு முதுகு தெரியாது, மூட்டு தெரியாது. வண்டி வந்துதா, வரலையா. அவ்ளோதான்.” அவர் கண் சிவந்திருந்தது. அவர் கெட்டவர் இல்லை என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும். எழுதுவதால் பயன் ஏதும் இல்லை.

அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினபோது நான் கேட் வரை போனேன். மறைமலை நகர்ப் பக்கம் இன்னொரு கேன்டீனில் ஆள் எடுக்கிறார்களாம்.

“யக்கா, நீங்க வருத்தப்படாதீக. அன்னைக்கே போயிருக்க வேண்டியவ. திருடி மாதிரி போயிருப்பேன். இப்பச் சும்மா போறேன்.” சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. பஸ் வந்தது. கூட்டத்துக்குள் பையை முதலில் தள்ளிவிட்டுப் பிறகு தானும் ஏறினாள்.

இப்போது கட்டையில் வேறொருவன் நிற்கிறான். வேகமான ஆள், பாட்டுப் பாடிக்கொண்டே போடுவான். மெல்லிய கிளீவரால்தான் போடுகிறான். சொல்லிப் பார்த்தேன். “யக்கா, ஒண்ணியும் ஆவாது வுடு, டைம் ஆவுதுல்ல,” என்கிறான். மட்டன் நாட்களில் அவன் வெட்டித் தள்ளுவதையெல்லாம் நான் பெரிய தொட்டியில் தண்ணீர் விட்டு, முழங்கைவரை கையை உள்ளே விட்டு, துண்டு துண்டாகத் தடவுகிறேன். எலும்புச் சில்லு மொண்ணையாகத் தட்டும். இரும்பு தட்டாது, கீறும். கீறினால் நல்லது என்று விரல்களை விரித்து வைத்துக்கொண்டு, சிவந்த தண்ணீருக்குள் தேடிக்கொண்டிருக்கிறேன். பின்னால் அடுப்புக்காரர் அள்ளு அள்ளு என்று கத்துகிறார்.